நத்தாஷா, நத்தாஷென்கா, நத்தாஷ்கா

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஷ்யச் சிறுகதை ஒன்றை மூலத்திலிருந்து தமிழாக்கி வருகிறேன். அதில் நடுவயதுப் பெண்ணொருத்தி தன் பள்ளித் தோழிக்கு எழுதும் கடிதம் ஒன்று வருகிறது. "மீலயா மயா நத்தாஷென்கா" என்று தொடங்குகிறாள். நடுவில் நத்தாஷ்கா என்கிறாள், ஓரிடத்தில் நத்தாலியா செர்கேயெவ்னா என்கிறாள், முடிவில் "உன் காத்கா" என்று ஒப்பமிடுகிறாள். கதையின் மற்ற பகுதிகளில் இவர்கள் நத்தாஷா, காத்யா என்றே வருகிறார்கள். எல்லாவற்றையும் நத்தாஷா என்றே எழுதிவிடலாமா? அல்லது "நத்தாஷாக் குட்டி" என்பது போல ஏதாவது செய்யலாமா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

இரண்டாவது வழியை முதலில் விலக்கிவிடுங்கள். தமிழில் குட்டி, செல்லம், கண்ணு என்பவை பெரும்பாலும் வயதில் மூத்தவர் இளையவரிடம் சொல்பவை. சம வயதுத் தோழியை, அதுவும் நடுவயதில், ஒருத்தி அப்படி அழைத்தால் அவளைக் குழந்தையாக்குவது போலவோ கேலி செய்வது போலவோ ஒலிக்கும். ரஷ்ய மொழியின் "-என்கா" விகுதி வயதைக் குறைப்பதில்லை, குரலை மட்டுமே மென்மையாக்குகிறது. தாய் மகளிடமும் கணவன் மனைவியிடமும் தோழி தோழியிடமும் அதைச் சொல்லலாம்.

எல்லாம் நத்தாஷாவாகவே இருக்கட்டும் என்ற உங்கள் முதல் யோசனை பாதி சரி. அதை எங்கே நிறுத்துவது என்று தெரிய, இந்தப் பெயர்களுக்குள் உள்ள படிநிலையைக் கவனிக்க வேண்டும். நத்தாலியா என்பது பதிவேட்டுப் பெயர். நத்தாஷா அதன் குறுக்கம், நாம் சுப்பிரமணியனை மணி என்பதைப் போல. பழகியவர்கள் எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள், அதில் தனியாகக் கொஞ்சல் எதுவும் இல்லை. அலுவலகத்தில் "நத்தாஷா, நீங்கள்" என்று பன்மையில் பேசிக்கொள்வதும் மிக இயல்பு. உணர்ச்சி அதற்கு மேல் சேரும் விகுதிகளில்தான் வருகிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் குறுகிய பெயரைக் கண்டவுடனேயே அதைச் செல்லப்பெயர் என்று முடிவுகட்டி, நத்தாஷாவுக்கே "அன்புச் செல்வமே" என்று இறைத்துவிடுகிறார்கள். பிறகு உண்மையிலேயே உருகும் நத்தாஷென்கா வரும்போது கையில் கொடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

உங்களைக் குழப்பியிருப்பது "-கா" விகுதியாகத்தான் இருக்கும். அகராதிகள் அதை இழிவுக் குறிப்பு என்று சொல்லும். அது பாதி உண்மை. மேலிருப்பவர் கீழிருப்பவரை ஒருதலையாக அப்படி அழைத்தால் இழிவு, இருவரும் ஒருவரையொருவர் அப்படி அழைத்துக்கொண்டால் நெருக்கம். பழைய மாஸ்கோ அரசில் ஜாருக்கு விண்ணப்பம் எழுதிய பிரபுக்கள்கூடத் தங்களை இவாஷ்கா என்பது போன்ற குறுகிய வடிவங்களால் தாழ்த்திக்கொண்டுதான் ஒப்பமிட்டார்கள். முதலாம் பீட்டர் 1701-ஆம் ஆண்டின் இறுதியில் அந்த வழக்கத்தை நிறுத்தி, முழுப் பெயரை எழுத உத்தரவிட்டார். தல்ஸ்தோயின் "புத்துயிர்ப்பு" நாவலில் இந்தப் படிநிலை வெளிப்படையாகவே பேசப்படுகிறது. பண்ணை வேலைக்காரியின் மகளை இரண்டு சீமாட்டிகள் வளர்க்கிறார்கள். ஒருத்தி அவளை வளர்ப்புப் பெண்ணாக்கப் பார்க்கிறாள், மற்றவள் நல்ல பணிப்பெண்ணாக்கப் பார்க்கிறாள். அவள் இரண்டுக்கும் நடுவில் வளர்ந்ததால் அவளுடைய பெயரும் காத்காவாகவோ காத்தென்காவாகவோ ஆகாமல், இடைப்பட்ட காத்யூஷா ஆயிற்று என்கிறார் தல்ஸ்தோய். இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு வேறு வழியில்லை, மூன்று வடிவங்களையும் அப்படியே வைத்தாக வேண்டும், ஏனென்றால் அங்கே பேச்சே அவற்றைப் பற்றியதுதான்.

உங்கள் கடிதத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. ரஷ்யர் பெயரின் வாலில் வைக்கும் உணர்ச்சியைத் தமிழர் விளியிலும், நீ நீங்களிலும், "அடி", "டீ" போன்ற ஒட்டுகளிலும் வைக்கிறோம். எனவே பெயரை நத்தாஷா என்றே நிறுத்திவிட்டு, விகுதியின் வேலையை வாக்கியத்தின் மற்ற உறுப்புகளிடம் ஒப்படைக்கலாம். "மீலயா மயா நத்தாஷென்கா" என்பதை "என் அருமை நத்தாஷா" என்று எழுதுவேன். "அன்புள்ள" வேண்டாம். தமிழில் அது வங்கி மேலாளருக்கும் எழுதித் தேய்ந்துபோன சொல், ரஷ்யக் கடிதங்களில் பொதுவாக வரும் "தரகாயா"வுக்குத்தான் அது சரியான இணை. "மீலயா" அதைவிட ஒரு படி நெருக்கமானது. நத்தாஷ்கா வரும் இடத்தில் அவள் தோழியைச் செல்லமாக அதட்டுகிறாள் என்று ஊகிக்கிறேன். "ஏன் பதிலே எழுதவில்லை, நத்தாஷ்கா?" என்பது போன்ற வாக்கியமானால், "ஏண்டி நத்தாஷா, ஒரு வரி பதில் எழுதக்கூடவா நேரமில்லை?" என்று தமிழில் அமையும். அந்த "ஏண்டி"தான் "-கா". ஆனால் கடிதம் முழுவதும் "டீ" போட்டு நிரப்பாதீர்கள், மூலத்தில் விகுதி மாறும் இடத்தில் மட்டும் வரட்டும்.

நத்தாலியா செர்கேயெவ்னா என்று பெயரோடு தந்தைவழிப் பெயரையும் சேர்ப்பது மரியாதைக்கான முறை. பள்ளித் தோழிகளுக்கிடையில் அது வந்தால் ஊடலாகவோ பொய்யான பணிவாகவோதான் இருக்க வேண்டும். அங்கே வினைச்சொல்லைப் பாருங்கள். பன்மைக்கு மாறியிருந்தால் தமிழிலும் "தாங்கள்" என்று முழு நாடகமாகவே எழுதலாம்: "மாண்புமிகு நத்தாலியா செர்கேயெவ்னா அவர்களே, தங்களுக்கு எப்போது மனம் இரங்கும்?" வினை ஒருமையிலேயே நின்றால் பெயரை மட்டும் முழுதாக வைத்து "நீ"யைத் தொடருங்கள், பொய்ப் பணிவு அவ்வளவு மெல்லியதாகவே இருக்கட்டும். இந்த முழுப் பெயர் கதையில் முன்பே ஓரிடத்தில் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வரவில்லையென்றால் வாசகர் யாரோ மூன்றாவது பெண் என்று நினைத்துவிடுவார்.

இடையில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கடிதத்தில் சிக்கல் இல்லை, ஆனால் சாஷா, ழேன்யா, வால்யா போன்ற குறுக்கங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. சாஷா அலெக்ஸாந்தராகவும் இருக்கலாம், அலெக்ஸாந்த்ராவாகவும் இருக்கலாம். தமிழில் அவன் அவள் என்று முடிவெடுக்காமல் ஒரு வாக்கியம் நகராது, "டா", "டீ"யும் அப்படியே. ரஷ்ய இறந்தகால வினை பாலைக் காட்டிவிடும், ஆணுக்கு "எழுதினான்" என்பது "பிசால்", பெண்ணுக்குப் "பிசாலா". விளியில் வரும் பெயரடையும் காட்டும், "மீலயா" என்றால் பெண், "மீலிய்" என்றால் ஆண். நிகழ்கால வினையில் இந்தத் துப்பு கிடைக்காது.

ஒப்பத்துக்கு வருவோம். "உன் காத்கா" என்பதில் தாழ்வு எதுவும் இல்லை, பள்ளிக்கூடத்தில் நீ கூப்பிட்ட அதே பெயரில் வருகிறேன் என்கிறாள். கதையில் வேறெங்காவது நத்தாஷா அவளைக் காத்கா என்று அழைத்திருந்தால் அப்படியே விடுங்கள், கடிதத்தின் கடைசி வரியில் ஆள் யாரென்ற ஐயம் எழாது. இல்லையென்றால் "உன் பழைய காத்யா" என்று எழுதலாம். "பழைய" மூலத்தில் இல்லைதான், ஆனால் விகுதியில் இருக்கிறது.

கதையில் உறையின் மேலுள்ள முகவரியும் தரப்பட்டிருந்தால், அங்கே பெறுநர் பெயர் நான்காம் வேற்றுமையில், குடும்பப்பெயர் முன்னதாக எழுதப்பட்டிருக்கும்: "இவனோவய் நத்தாலியே செர்கேயெவ்னே" என்பது போல. ஒலிபெயர்ப்பில் அதை அப்படியே இறக்காமல், எழுவாய் வடிவத்துக்குக் கொண்டுவந்து "நத்தாலியா செர்கேயெவ்னா இவனோவா" என்று எழுதுங்கள். தபால்காரருக்கு அவள் அப்படித்தான், நத்தாஷென்கா எல்லாம் உறையைப் பிரித்த பிறகுதான்.