கெண்டைக்கால் பிடிப்புக்கு ஜிங்க், மெக்னீசியம் மாத்திரையா, சுண்டலா?

"வயது 34, எடை 68 கிலோ, சைவம். மாரத்தானுக்காக வாரம் 45 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஞாயிறு நீண்ட ஓட்டத்தில் 17, 18 கிலோமீட்டர் தாண்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. ஜிம் டிரெய்னர் இசட்.எம்.ஏ. மாத்திரை போடச் சொல்கிறார். ஓடுகிறவர்களுக்கு மெக்னீசியமும் ஜிங்க்கும் கூடுதலாக வேண்டுமா? சாப்பாட்டிலேயே கிடைக்காதா? காலை நான்கு இட்லி, மதியம் சாதம் சாம்பார் கீரை தயிர், இரவு மூன்று தோசை, இதுதான் என் சாப்பாடு."

கூடுதலாக வேண்டும், ஆனால் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தைச் சாப்பாட்டிலேயே எடுத்துவிடலாம். உங்கள் விஷயத்தில் ஓட்டத்தால் வரும் கூடுதல் தேவையைவிட, அன்றாடச் சாப்பாட்டிலேயே இருக்கும் குறைதான் பெரிது.

முதலில் வியர்வைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு லிட்டர், நம் ஊர் வெயிலில் ஒன்றரை லிட்டர்கூட வியர்க்கும். ஒரு லிட்டர் வியர்வையில் போகும் மெக்னீசியம் பெரும்பாலும் 10 மில்லிகிராம் அளவுக்குள், ஜிங்க் என்கிற துத்தநாகம் அரை மில்லிகிராம் அளவு. சாப்பிடுவதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடாது. மெக்னீசியத்தில் மூன்றில் ஒரு பங்கும், நம் வகை உணவில் துத்தநாகத்தில் ஐந்தில் ஒரு பங்கும்தான் சேரும். ஆக, அந்த ஒரு லிட்டரை ஈடுகட்ட உணவில் சுமார் 30 மில்லிகிராம் மெக்னீசியமும் இரண்டு, மூன்று மில்லிகிராம் துத்தநாகமும் கூடுதலாக இருந்தால் போதும். முதலாவதற்கு ஒரு சிறு கைப்பிடி வேர்க்கடலையே போதும். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் யோசித்துச் சாப்பிட வேண்டும்.

இப்போது உங்கள் தட்டுக்கு வருவோம். அரிசி, பருப்பு, கீரை எல்லாவற்றையும் தோராயமாகக் கூட்டினால் மெக்னீசியம் 250 முதல் 280 மில்லிகிராம் வருகிறது. ஆண்களுக்கு 400ஐ ஒட்டி வேண்டும். துத்தநாகம் 8 மில்லிகிராம்தான் தேறுகிறது. ஐ.சி.எம்.ஆர். ஆண்களுக்கு 17 என்கிறது. அமெரிக்காவில் இதே அளவு 11தான். இந்த வித்தியாசத்துக்குக் காரணம், தானியமும் பருப்பும் அதிகமுள்ள நம் சாப்பாட்டில் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஃபைட்டேட் என்ற பொருள் நிறைய இருப்பது.

பட்டை தீட்டிய வெள்ளை அரிசிதான் இங்கே முக்கியக் காரணம். 100 கிராமில் 20 மில்லிகிராம் மெக்னீசியம்கூட இருக்காது. கம்பிலும் கேழ்வரகிலும் அதைப்போல் ஆறேழு மடங்கு இருக்கிறது, துத்தநாகமும் இரட்டிப்பு. தவிட்டோடு போவது இதுதான். சோறு வடிப்பவர்கள் கஞ்சியோடு இன்னும் கொஞ்சத்தையும் ஊற்றிவிடுகிறார்கள்.

கீரை சாப்பிட்டால் இந்த இரண்டு சத்துமே கிடைத்துவிடும் என்று பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கீரையின் பச்சை நிறத்துக்குள்ளேயே மெக்னீசியம் இருக்கிறது, அதனால் அதற்குக் கீரை நல்லது. வேகவைத்த தண்ணீரை மட்டும் கொட்டாமல் கடைந்துவிடுங்கள். துத்தநாகம் கீரையில் சொற்பம்தான். பாதாமும் அப்படித்தான், மெக்னீசியம் நன்றாகவும் துத்தநாகம் சுமாராகவும் இருக்கும். துத்தநாகத்துக்கு முந்திரி, எள், பூசணி விதை, கொண்டைக்கடலை, பயறு, தயிர் இவைதான் சைவத்தில் கைகொடுப்பவை. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் ஒன்றுக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும்.

உங்கள் சாப்பாட்டில் மூன்றே மாற்றம் சொல்கிறேன். மாலையில் டீ, பிஸ்கட் பழக்கம் இருந்தால் அதற்குப் பதிலாக 50 கிராம் பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல். ஓடி முடித்து வந்ததும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு மேசைக்கரண்டி பூசணி விதையும். இரவில் அரிசி தோசைக்குப் பதில் வாரத்தில் நான்கைந்து நாள் கம்பு தோசை, தொட்டுக்கொள்ள எள்ளுப்பொடி. இதில் மெக்னீசியம் 400ஐத் தாண்டிவிடுகிறது. துத்தநாகம் 13ஐ ஒட்டி நிற்கும். 17 வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அடுத்து சொல்லப்போவதைச் செய்தால் அந்த 13இல் உடம்பில் சேரும் பங்கு கூடிவிடும்.

1950களின் இறுதியில், பிகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் ஈரானில் வளர்ச்சி குன்றிய இளைஞர்களைப் பார்த்தார். அவர்கள் சாப்பாடு பெரும்பாலும் புளிக்கவைக்காத முழுக்கோதுமை ரொட்டி. துத்தநாகக் குறை மனிதர்களுக்கு உண்டு என்பது அவருடைய வேலையிலிருந்துதான் தெரியவந்தது. தவிடு நீக்காத தானியத்தில் சத்து இருக்கும், ஆனால் ஃபைட்டேட் அதை விடாது. புளிக்கவைத்தாலோ முளைகட்டினாலோ அந்தப் பிடி தளர்கிறது. நம் இட்லி மாவும் கம்பங்கூழும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. கம்பு தோசைக்கும் மாவை அரைத்த உடனே ஊற்றாமல் இரவு முழுக்கப் புளிக்க விடுங்கள். பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டுங்கள். மறுநாள் வெள்ளை முளை எட்டிப்பார்த்தால் போதும், நீளமாக வளரக் காத்திருக்க வேண்டாம்.

சரி, மாத்திரை. இசட்.எம்.ஏ. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், வழக்கமாக 30 மில்லிகிராம் துத்தநாகமும் 450 மில்லிகிராம் மெக்னீசியமும் இருக்கும். துத்தநாகத்துக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து 40க்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான வரம்பு. நீங்கள் சாப்பிடுவதோடு சேர்த்தால் அந்த விளிம்புக்கே போய்விடுகிறீர்கள். மாதக்கணக்கில் அதிகத் துத்தநாகம் போனால் தாமிரம் உடம்பில் சேராமல் குறையும். ரத்தசோகை, பாதத்தில் மரத்துப்போவது என்று அது மெதுவாக வெளிப்படும், யாரும் ஜிங்க் மாத்திரையைச் சந்தேகிக்க மாட்டார்கள். மாத்திரையாகப் போகும் மெக்னீசியத்துக்கு அமெரிக்க வரம்பு 350. அதைத் தாண்டினால் முதலில் வயிற்றுப்போக்கு வரும். ஓடுகிறவருக்கு அது நல்லதல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இன்னொன்று, மெக்னீசியம் மாத்திரை தசைப்பிடிப்பைக் குறைக்கும் என்பதற்கு ஆய்வுகளில் நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. உங்களுக்கு வலி 17 கிலோமீட்டருக்கு அப்புறம்தான் வருகிறது. சத்துக் குறை இப்படித் தூரம் பார்த்து வருவதில்லை. தசை களைத்துப்போவதன் அடையாளம் இது. நீண்ட ஓட்டத்தை வாரம் ஒன்று, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், முதல் பத்து கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓடுங்கள், வாரம் இரண்டு முறை படியின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சி செய்யுங்கள். பிடித்துக்கொண்டால் நின்று, முழங்காலை நீட்டி, பாதத்தை முழங்காலை நோக்கி இழுத்துப் பிடியுங்கள், ஓரிரு நிமிடத்தில் விடும்.

ரத்தப் பரிசோதனைக்கு இப்போதே ஓட வேண்டியதில்லை. உடம்பின் மெக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் இல்லை, மீதி எலும்பிலும் தசையிலும்தான். அதனால் ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலும் குறை இருக்கலாம். ஆனால் ஆசிடிட்டி மாத்திரையை வருடக்கணக்கில் போடுகிறவரா, கட்டுப்படாத சர்க்கரை உண்டா, அடிக்கடி வயிற்றுப்போக்கா? இதில் ஏதாவது ஒன்று இருந்தாலோ, ஓடாத நாளிலும் பிடிப்பு வந்தாலோ, மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அப்போது மாத்திரை தேவைப்பட்டால் அளவையும் எத்தனை வாரம் என்பதையும் அவரே சொல்லட்டும். தைராய்டு மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ எடுப்பவர் என்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், இவற்றுக்கும் சத்து மாத்திரைக்கும் நடுவே சில மணி நேர இடைவெளி வேண்டியிருக்கும்.