நடுவில் ஐந்து நாள் பாலி: தனி டிக்கெட்டா, ஒரே டிக்கெட்டா?

கேள்வி: சென்னையிலிருந்து பினாங்கில் அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறோம், நாலு பேர். ஞாயிறு இரவு 9.50க்கு கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு ரிட்டர்ன் டிக்கெட் கையில் இருக்கிறது, டெர்மினல் 1. அதற்கு முன் ஐந்து நாள் பாலி போய் வர ஆசை. இருக்கிற டிக்கெட்டையே மாற்றி, கோலாலம்பூர்–பாலி–கோலாலம்பூர்–சென்னை என்று ஒரே டிக்கெட்டாகப் போட ஆளுக்கு 980 ரிங்கிட் கூடுதல் ஆகும் என்கிறார் ட்ராவல்ஸ்காரர். ஆப்பில் பார்த்தால் கோலாலம்பூர்–பாலி போக வர 520தான் காட்டுகிறது. அந்த விமானம் ஞாயிறு மாலை 6.15க்கு டெர்மினல் 2இல் இறங்கும். அதை எடுத்துவிட்டு, அன்று இரவே சென்னை விமானத்தைப் பிடித்துவிடலாமா?

பதில்: தனியாக எடுங்கள். ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்த 520 ரிங்கிட் டிக்கெட்டை எடுக்காதீர்கள். ஞாயிறு மாலை இறங்கி அன்று இரவே சென்னைக்கு ஏறும் திட்டத்தையும் விட்டுவிடுங்கள். பினாங்கிலிருந்தே பாலிக்குப் போய், பினாங்குக்கே திரும்பும் டிக்கெட்டைத் தேடுங்கள்.

முதலில் 980க்கும் 520க்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்போம். உங்கள் சென்னை டிக்கெட் போன்ற முழுச் சேவை விமான டிக்கெட்டுகளில், கிளம்பும் ஊரிலிருந்து போய்ச் சேரும் ஊர் வரை ஒரே பயணமாகத்தான் விலை போடுவார்கள். நடுவில் விமானம் மாறுவதற்காக 24 மணி நேரத்துக்குள் நின்றால் விலை பெரும்பாலும் ஏறாது. அதற்கு மேல் தங்கினால் அது இடைத்தங்கல் என்று ஆகிவிடும், கட்டணத்தைப் புதிதாகக் கணக்கிடுவார்கள். நீங்கள் பாலியில் ஐந்து நாள் தங்குகிறீர்கள். அதற்கு மேல் டிக்கெட் மாற்றும் கட்டணம், பழைய விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் சேர்கிறது. மலிவு விலை விமானங்களில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒருவழி விலைதான். போகவர எடுத்தாலும், ஒருவழி எடுத்தாலும், நடுவில் எத்தனை நாள் தங்கினாலும் கணக்கு ஒன்றுதான். வெளிநாட்டுக்கு வந்த பிறகு பக்கத்து நாட்டுக்குச் சின்னப் பயணம் தனியாக எடுப்பது மலிவாக அமைவது இதனால்தான்.

அதற்காக எங்கு வேண்டுமானாலும் டிக்கெட்டைப் பிரித்துவிட முடியாது. இரவு படுத்துத் தூங்கும் ஊரில் பிரிக்கலாம். விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்கும் ஊரில் பிரிக்கக் கூடாது. உங்களுக்குப் பாலியும் பினாங்கும் தூங்கும் ஊர்கள், கோலாலம்பூர் மாறும் ஊர். 520 ரிங்கிட் டிக்கெட் சரியாக அந்த மாறும் ஊரில்தான் பிரிகிறது.

ஞாயிறு மாலையை மணிக்கணக்காகப் பார்க்கலாம். 6.15க்குச் சக்கரம் தரையைத் தொட்டாலும், நிறுத்தத்துக்குப் போய்க் கதவு திறந்து நீங்கள் வெளியே வர 6.35 ஆகும். டெர்மினல் 2 மிக நீளமானது, தூரத்து வாயிலில் விட்டால் நடந்து குடிநுழைவுச் சோதனைக்கு வர 6.50. வரிசைக்கு ஐம்பது நிமிடம் வைத்தால் 7.40, மாலையில் சில விமானங்கள் சேர்ந்து இறங்கினால் இது சாதாரணம். பெட்டி எடுத்துச் சுங்கம் கடக்க 8.00. அங்கிருந்து டெர்மினல் 1க்கு உள்வழி கிடையாது, வெளியே வந்து ரயிலோ இலவசப் பேருந்தோ பிடிக்க வேண்டும். ரயில் ஓடுவது மூன்று நிமிடம்தான், ஆனால் மேடையைத் தேடி, டிக்கெட் எடுத்து, அடுத்த ரயிலுக்கு நின்று, மறுபக்கம் ஐந்தாம் மாடிக்கு ஏறிக் கவுண்டர் முன் நிற்கும்போது மணி 8.35. 9.50 விமானத்துக்குக் கவுண்டர் ஒரு மணி நேரம் முன்பே, 8.50க்கு மூடிவிடும் என்று கொள்ளுங்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் கையில் மிஞ்சுவது பதினைந்து நிமிடம். பாலியில் விமானம் அரை மணி தாமதமானால் அதுவும் இல்லை.

தவறவிட்டால் என்ன ஆகும்? இரண்டும் வெவ்வேறு டிக்கெட் என்பதால், சென்னை விமானத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணிகள். பாலி விமானம் தாமதமானது அவர்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். பாலி விமான நிறுவனம் தன் தாமதத்துக்கு உணவோ வேறு உதவியோ தரலாம், ஆனால் உங்கள் சென்னை டிக்கெட்டுக்கு அது பொறுப்பாகாது. அன்றிரவு நாலு பேருக்கும் சென்னைக்குப் புது ஒருவழி டிக்கெட் உங்கள் கைக்காசில்தான். ஆன்லைனில் முன்பே செக்-இன் செய்தாலும் போடுவதற்குப் பெட்டி இருந்தால் கவுண்டர் நேரத்திலிருந்து தப்ப முடியாது.

பினாங்கிலிருந்து தேடுவது எப்படி? விமான நிறுவனத்தின் சொந்த ஆப்பில், பினாங்கின் குறியீடான `PEN` முதல் பாலியின் குறியீடான `DPS` வரை என்று போடுங்கள். `PEN`–`KUL`, `KUL`–`DPS` என்று இரண்டாகத் தேட வேண்டாம். ஒரே பதிவில் வந்தால், கோலாலம்பூரில் விமானம் மாறுவது அவர்கள் பொறுப்பு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் அடுத்ததில் ஏற்றிவிட வேண்டியதும் அவர்கள்தான்.

இங்கே பலரும் ஏமாறுகிற ஓர் இடம் உண்டு. டிக்கெட் விற்கும் பொதுத் தளங்கள் இரண்டு தனி டிக்கெட்டுகளைச் சேர்த்து ஒரே பயணம் போலக் காட்டும். ஓரத்தில் சின்ன எழுத்தில் `Self transfer` என்று இருக்கும். பணம் கட்டிய பிறகு ஆறு எழுத்துப் பதிவு எண் ஒன்று வந்தால் அது ஒரே டிக்கெட். இரண்டு வந்தால் அவை தனித்தனிதான், திரையில் எப்படிக் காட்டியிருந்தாலும் சரி. கோலாலம்பூர் என்று தேடினால் `SZB` என்ற சுபாங் விமான நிலையமும் சேர்ந்து வரும். அங்கே இறங்கி `KUL`இல் ஏறுவது போலக் காட்டினால் நடுவில் சுமார் 60 கிலோமீட்டர் டாக்சிப் பயணம்.

இப்போது பணக் கணக்கு. பினாங்கு–பாலி–பினாங்கு ஒரே பதிவில் ஆளுக்கு 640 ரிங்கிட், 20 கிலோ பெட்டி ஒன்றுக்கு ஒரு வழிக்கு 95 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் திரையில் வரும் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

ஐந்து நாளுக்கு நாலு பேருக்கு இரண்டு பெட்டி போதும். போகவர நாலு முறை 95, மொத்தம் 380, தலைக்கு 95. ஆக ஆளுக்கு 735, நாலு பேருக்கு 2,940. ட்ராவல்ஸ்காரரின் 980இல் பெட்டி அடக்கம் என்றே கொள்வோம், நாலு பேருக்கு 3,920. நாலு பேருக்கும் சேர்த்து 980 ரிங்கிட் மிச்சம்.

520 டிக்கெட் இதைவிட 480 ரிங்கிட் மலிவாயிற்றே என்று தோன்றும். ஆனால் அந்தத் திட்டத்தில் நீங்கள் பினாங்குக்குத் திரும்புவதில்லை. சென்னையிலிருந்து கொண்டுவந்த பெரிய பெட்டிகள், அக்கா வாங்கிக் கொடுத்த சாமான் எல்லாம் பாலி வரை போய் வர வேண்டும். அப்படி நாலு பெட்டி கூடினால் 95 வீதம் எட்டு முறை, 760 ரிங்கிட். மிச்சம் பிடித்ததற்கு மேலேயே போய்விடும். பினாங்குக்கே திரும்பினால் பெரிய பெட்டிகள் அக்கா வீட்டிலேயே இருக்கும். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வரும் செலவு எல்லாத் திட்டத்திலும் ஒரு முறை உண்டு, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பாலியில் இறங்கியதும் வாங்கும் விசா 5 லட்சம் ரூப்பியாவும், சுற்றுலா வரி ஒன்றரை லட்சம் ரூப்பியாவும் அப்படித்தான்.

சனிக்கிழமை மாலைக்குள் பினாங்கில் இறங்கும்படி தேதி போடுங்கள். பாலி நாட்களில் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை. ஒருவேளை கோலாலம்பூரில் மாட்டிக்கொண்டால்கூட, ஞாயிறு காலை பினாங்கு போய்ச் சேர நேரம் இருக்கும். ஞாயிறன்று பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் காலை இடிஎஸ் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், மதியத்துக்குள் கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து விமான நிலையத்துக்கு விரைவு ரயிலில் அரை மணி. இந்தப் பாதையில் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் 8.50க்குக் கவுண்டரில் நிற்கலாம்.

டிக்கெட் போடும்போது இரண்டு இடங்களில் நிதானமாக இருங்கள். ஒன்று பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அப்பா பெயரை நீங்களாகச் சேர்க்க வேண்டாம். பல தளங்கள் அதே ஒரு பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும். அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கம் எப்படிச் சொல்கிறதோ அப்படியே செய்யுங்கள். இன்னொன்று பணம் கட்டும் பக்கம். இந்திய கார்டைப் பார்த்ததும் ரூபாயில் கட்டலாமா என்று சில தளங்கள் கேட்கும். ரிங்கிட்டையே தேர்ந்தெடுங்கள், ரூபாய்க்கு மாற்றும் விலையில் அவர்கள் லாபம் சேர்த்திருப்பார்கள். ரிங்கிட்டில் கட்டினாலும் உங்கள் வங்கி வெளிநாட்டுக் கட்டணம் பிடிக்கும், அதனால் அக்காவின் வங்கிக் கணக்கில் கட்டி அவருக்குக் காசைக் கொடுத்துவிடுவது மேல். மின்னஞ்சல் கட்டத்தில் மட்டும் உங்கள் முகவரியையே போடுங்கள். மலிவு விலை விமானங்கள் நேரத்தை முன்கூட்டியே மாற்றும்போது செய்தி அங்கேதான் வரும்.

பாலியில் செக்-இன் செய்யும்போது பெட்டியில் கட்டும் சீட்டைப் பாருங்கள். `PEN` என்று இருந்தால் பெட்டி பினாங்கு வரை போகும். `KUL` என்று இருந்தால் கோலாலம்பூரில் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும், அதை அந்தக் கவுண்டரிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

மலேசியாவுக்குள் திரும்பி வருவது புது வருகை. முதல் முறை நிரப்பிய எம்டிஏசி வருகைப் படிவம் இப்போது செல்லாது. நாலு பேருக்கும் தனித்தனியாக மறுபடி நிரப்ப வேண்டும், அதுவும் திரும்பும் தேதிக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். ஆகவே பாலி ஹோட்டலில் உட்கார்ந்துதான் செய்ய முடியும். குடிநுழைவுத் துறையின் `imigresen-online.imi.gov.my/mdac/main` பக்கத்தில் இது இலவசம், பணம் கேட்டால் அது வேறு யாரோ நடத்தும் தளம். சென்னை டிக்கெட்டின் அச்சுப் பிரதி ஒன்றைக் கைப்பையில் வைத்திருங்கள். எப்போது ஊர் திரும்புகிறீர்கள் என்று அதிகாரி கேட்டால் அதைக் காட்டினால் போதும்.