ஒரு முறை கொடுத்த ஓடிபி, மூன்று முறை கழிந்த பணம்: ஒம்புட்ஸ்மனுக்கு முறைப்பாடு எழுதுவது எப்படி?

கேள்வி: ஐயா, மகளின் ஆங்கிலப் பயிற்சிக்காக ஒரு வெளிநாட்டுச் செயலியின் ஏழு நாள் இலவசச் சந்தாவை 2025 மார்ச் 3ஆம் திகதி என் கடனட்டையில் எடுத்தேன். அப்போது ஓடிபி கொடுத்தேன். மார்ச் 8ஆம் திகதி ரத்துச் செய்துவிட்டேன். அதற்கு மின்னஞ்சலும் வந்தது. ஆனாலும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் 10ஆம் திகதிகளில் பணம் கழிந்தது. ஏப்ரல் 14இல் வங்கிக்குத் தொலைபேசியில் சொன்னேன். மே 12இல் கிளையில் கடிதம் கொடுத்தேன். ஓடிபி கொடுத்துச் செய்த கொடுப்பனவு என்று மே 30இல் பதில் வந்தது. ஜூன் 9இல் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. கோபத்தில் மே மாதத்திலிருந்து கார்டுக்கு ஒன்றும் கட்டவில்லை. வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறுகின்றன. வங்கி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாமா? கார்டில் மோசடி என்று எழுதுவதா?
— வெள்ளவத்தை வாசகி

பதில்: எழுதலாம். கொழும்பு 05, வஜிரா வீதியில் உள்ள நிதியியல் ஒம்புட்ஸ்மன் அலுவலகமே மக்கள் வழக்கில் வங்கி ஒம்புட்ஸ்மன் எனப்படுகிறது. முதலில் வங்கிக்கே எழுத்தில் முறையிட்டு, திருப்தியான தீர்வு கிடைக்காத பின்னரே அங்கு செல்ல வேண்டும். உங்கள் மே 12, ஜூன் 9 கடிதங்கள் அந்தப் படியை நிறைவேற்றிவிட்டன. இதே விடயத்தை நீதிமன்றத்தில் வழக்காகத் தொடுத்திருந்தால் அவர் அதைக் கையிலெடுக்க மாட்டார். நீங்கள் அவ்வாறு செய்ததாகத் தெரியவில்லை.

மோசடி என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். கார்டு திருட்டுப்போகவில்லை, ஓடிபியும் நீங்கள் கொடுத்ததுதான். மோசடி என்று எழுதினால், ஓடிபி பதிவை எடுத்துக் காட்டி ஒரே வரியில் வங்கி உங்களை மறுத்துவிடும். அந்த மறுப்பு சரியாகவும் இருக்கும். உங்கள் உண்மையான குறை வேறு. ரத்துச் செய்யப்பட்ட சந்தாவுக்குத் தொடர்ந்து பணம் அறவிடப்பட்டிருக்கிறது. சந்தாக்களில் அட்டையை முதன்முதலாகப் பதியும்போதுதான் வழக்கமாக ஓடிபி கேட்கப்படும். அதன் பின்னர் மாதாமாதம் வணிகரே தன் பக்கத்திலிருந்து அறவிடுவார், உங்கள் கைத்தொலைபேசிக்கு எந்த இலக்கமும் வராது. ஆகவே மே 30ஆம் திகதிய பதில் மார்ச் 3இல் நடந்ததற்கு மட்டுமே விடை. நீங்கள் கேட்ட மூன்று கழிவுகளில் எதற்கும் அது விடையாகாது. முறைப்பாட்டின் முதுகெலும்பு இந்த ஒரு விடயமே. அதற்கு முன் உங்கள் குறுஞ்செய்திகளைத் திறந்து, அந்த மூன்று 10ஆம் திகதிகளிலும் ஓடிபி எதுவும் வரவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்ததாகத் திகதிகள் ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். ரத்தான சந்தாவுக்கு அறவிட்ட பணத்தை, விசா, மாஸ்டர்கார்ட் போன்ற அட்டை வலையமைப்பின் விதிகளின்படி, அட்டை வழங்கிய வங்கி வணிகரின் வங்கியிடமிருந்து திரும்பக் கோரலாம். சார்ஜ்பேக் எனப்படும் இந்தக் கோரிக்கைக்குப் பொதுவாக 120 நாள் எல்லை உண்டு. மார்ச் 10ஆம் திகதிக் கழிவுக்கு அந்த எல்லை ஜூலை 8உடன் முடிந்துவிட்டது. ஆனால் நீங்கள் ஏப்ரல் 14இலும் மே 12இலும் வங்கிக்கு அறிவித்துவிட்டீர்கள். அப்போது மூன்று கழிவுகளுக்கும் காலம் மிச்சம் இருந்தது. வங்கி கோரிக்கை அனுப்பியதா, அனுப்பாவிட்டால் ஏன் என்பதை ஒம்புட்ஸ்மன் வழியாகக் கேளுங்கள். காலம் கடந்துவிட்டது என்று வங்கி சொல்லுமானால், கடக்கவிட்டவர் யார் என்பதற்கு உங்கள் கடிதத்தில் கிளை இட்ட வரவு முத்திரையே சான்று. முத்திரை இல்லாத பிரதிதான் கையில் இருக்கிறதென்றால், பதிவுத் தபால் பற்றுச்சீட்டையோ, அக்கடிதத்தைக் குறிப்பிடும் வங்கியின் மே 30 பதிலையோ இணையுங்கள்.

முறைப்பாட்டின் உடலை இவ்வளவில் எழுதினால் போதும். தொகைகளை நான் எடுத்துக்காட்டாக இட்டிருக்கிறேன். அவற்றுக்குப் பதிலாக, உங்கள் அட்டையின் மாதாந்தக் கூற்றில் உள்ள தொகைகளை அப்படியே எழுதுங்கள்.

“நான் மேற்படி வங்கியின் கடனட்டை வாடிக்கையாளர், அட்டையின் இறுதி நான்கு இலக்கங்கள் ____. 2025.03.03 அன்று ஓடிபி கொடுத்து ஏழு நாள் இலவசச் சந்தா ஒன்றில் சேர்ந்து, 2025.03.08 அன்று அதை ரத்துச் செய்தேன் (இணைப்பு 1: வணிகரின் உறுதிப்படுத்தல் மின்னஞ்சல்). ஆயினும் 2025.03.10இல் ரூபா 9,420, 2025.04.10இல் ரூபா 9,465, 2025.05.10இல் ரூபா 9,510 என மொத்தம் ரூபா 28,395 அறவிடப்பட்டது (இணைப்பு 2: மாதாந்தக் கூற்றுகள்). இம்மூன்றுக்கும் நான் ஓடிபி வழங்கவில்லை. 2025.04.14இல் தொலைபேசியிலும் (இணைப்பு 3: அழைப்புப் பதிவு), 2025.05.12இல் கடிதத்திலும் (இணைப்பு 4) வங்கிக்கு அறிவித்தேன். 2025.05.30ஆம் திகதிய பதில் (இணைப்பு 5) 03.03ஆம் திகதிய ஓடிபியை மட்டுமே குறிப்பிடுகிறது. 2025.06.09ஆம் திகதிய கடிதத்துக்கு (இணைப்பு 6) பதில் கிடைக்கவில்லை. ரூபா 28,395ஐயும் அத்தொகை மீது விதித்த வட்டியையும் மீளச் செலுத்துமாறும், சார்ஜ்பேக் கோரப்பட்டதா என்பதைத் திகதியுடன் தெரிவிக்குமாறும் வங்கியைப் பணிக்க வேண்டுகிறேன்.”

மூன்று தொகைகளும் சற்றே வேறுபட்டிருந்தால் குழம்ப வேண்டாம். டொலரில் அறவிட்டதை அந்தந்த நாள் மாற்றுவீதத்தில் ரூபாவாக்கியதால் வரும் வேறுபாடு அது. ரத்து மின்னஞ்சலை அனுப்பியவர் முகவரி, திகதி, நேரம் மூன்றும் தெரியும்படி அச்செடுங்கள். கூற்றுகளில் சம்பந்தப்பட்ட வரிகளுக்கு அடிக்கோடிட்டு, அட்டை இலக்கத்தின் மற்றப் பகுதியை மறைத்துவிடுங்கள். மூலப் பிரதிகள் உங்களிடமே இருக்கட்டும். ஏப்ரல் 14ஆம் திகதிய அழைப்பின் ஒலிப்பதிவை அழிக்காமல் வைக்கும்படி வங்கிக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இனி உங்களுக்குப் பாதகமான பகுதி. மே மாதத்திலிருந்து ஒன்றுமே கட்டாததால், சர்ச்சையில்லாத மற்றக் கொள்வனவுகளும் நிலுவையில் நிற்கின்றன. குறைந்தபட்சக் கொடுப்பனவைச் செலுத்தாததற்கு விதித்த தாமதக் கட்டணத்தை வங்கியின் தவறு என்று முழுமையாகக் கோருவது கடினம். அதனால்தான் மாதிரியில் அதைச் சேர்க்கவில்லை. சேர்க்க விரும்பினால் தனிப் பந்தியாக, காரணத்தோடு, சலுகையாகக் கேளுங்கள். 28,395உடன் கலந்துவிட்டால் வலுவான கோரிக்கையும் சேர்ந்து மெலியும். சர்ச்சையில்லாத நிலுவையை முறைப்பாட்டை அனுப்புமுன்பே கட்டிவிட்டு, மூன்று கழிவுகளையும் ஏற்காமலே செலுத்துகிறேன் என்று வங்கிக்கு எழுதுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் நிலுவை கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் பதிவாகி, நாளை வீட்டுக் கடனோ லீசிங்கோ கேட்கும்போது குறுக்கே நிற்கும். கட்டாமல் விட்ட விடயத்தை முறைப்பாட்டில் மறைக்கவும் வேண்டாம். வங்கியின் பதிலில் அதுதான் முதல் வரியாக வரும்.

மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களமும் முறைப்பாடுகளை ஏற்கிறது. 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். எனினும் ஒரு வாடிக்கையாளருக்கும் ஒரு வங்கிக்கும் இடையிலான, தொகை திட்டமாகத் தெரிந்த இத்தகைய பிணக்குக்கு ஒம்புட்ஸ்மனையே முதலில் நாடுங்கள் என்பேன். அவர் இரு தரப்பையும் கேட்டு இணக்கத்துக்கு முயல்வார். இணங்காவிட்டால் தீர்ப்பு வழங்கலாம். நீங்கள் அதை ஏற்றால் அது வங்கியைக் கட்டுப்படுத்தும்; ஏற்காவிட்டால் நீதிமன்றம் செல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வங்கி இடையில் ஒரு தொகையைத் திருப்பித் தர முன்வந்தால், முழுத் தீர்வு என்ற வாசகம் உள்ள எதிலும் கையொப்பமிடுமுன் வட்டியும் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள்.