கேள்வி பதில்: மின்சாரம் போனதும் அறுபடும் நீர்த்தூண்

நெல்லிக்குப்பம் வாசகர்: 300 மி.மீ. டக்டைல் இரும்புக் குழாய், 4 கி.மீ. நீளம். தொட்டி உயரம் 22 மீட்டர்தான். மின்சாரம் போகும்போதெல்லாம் கெடிலம் பாலத்தின் மேல் இணைப்பு ஒழுகுகிறது. இந்த உயரத்துக்கு வாட்டர் ஹேமர், அதாவது நீரின் ஓட்டம் திடீரென மாறிக் குழாயை அடிப்பது, வருமா ஐயா?

வரும். நம் கடற்கரைச் சமவெளியில் எல்லோரும் தொட்டி உயரத்தைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். அடியின் அளவு நீரின் வேகத்தையும் குழாயின் விறைப்பையும் பொறுத்தது. உங்கள் குழாயில் அழுத்த அலை நொடிக்குச் சுமார் 1100 மீட்டர் ஓடும். நீர் நொடிக்கு 1 மீட்டர் ஓடுவதாகக் கொண்டால், அலை வேகத்தை நீர் வேகத்தால் பெருக்கிப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுக்கும் aV/g கணக்கில், அடி சுமார் 112 மீட்டர் நீர் உயரத்துக்குச் சமம்.

மோட்டார் நின்றதும் அழுத்தம் முதலில் இறங்கும். அலை தொட்டிவரை போய்த் திரும்ப 7 நொடிக்கு மேல் ஆகும். சிறிய பம்பு அதற்குள் ஓய்ந்துவிடும். பம்பு தருவது உயரத்துக்கு 22, உராய்வுக்குச் சுமார் 12, ஆக 34 மீட்டர். அதில் 112 இறங்க இடமில்லை. மேடான பாலத்தில் வெற்றிடம் உண்டாகி நீர்த்தூண் அறுந்துவிடும். பிறகு தொட்டிப் பக்கத்து நீர் திரும்பி வந்து மோதும்போதுதான் உங்கள் இணைப்பு ஒழுகுகிறது.

பம்பு வால்வைத் தாண்டியவுடன் ஏர் வெசல் எனும், பாதி காற்றும் பாதி நீருமாக மூடிய கலன் ஒன்றை வையுங்கள். பம்பு ஓய்ந்ததும் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து, நீரைக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டே இருக்கும், தூண் அறாது. கொள்ளளவைக் குத்துமதிப்பாகச் சொல்ல மாட்டேன், கணினிக் கணக்கு வேண்டும். ஒரு எச்சரிக்கை: அதே வெசல் பம்புப் பக்கமும் நீரைத் தள்ளும். நீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு மெதுவாக மூடுவதாக இருந்தால் அது படீரென்று அறையும்.

பாகூர் வாசகர்: எங்கள் நிலையத்தில் ஏர் வெசல் இருக்கிறது. இருந்தும் இப்போது மறுபடி இடிக்கிறது.

மட்டக் கண்ணாடியைப் பாருங்கள். நீர் மேல்வரை நின்றால் காற்று தண்ணீரில் கரைந்து தீர்ந்துவிட்டது. அது இப்போது வெறும் தண்ணீர்த் தொட்டி. காற்றை நிரப்பும் கம்ப்ரஸர் ஓடுகிறதா?

பண்ருட்டி வாசகர்: ரிலீஃப் வால்வு போதாதா?

மூன்றாவது முறையாகக் கேட்கப்படுகிறது. அது அழுத்தம் ஏறினால்தான் திறக்கும். வெற்றிடத்துக்கு உதவாது.

வில்லியனூர் ஒப்பந்ததாரர்: ஜீரோ வெலாசிட்டி வால்வு போட்டால் வெசலே வேண்டாம். முப்பது ஆண்டுகளாகப் போடுகிறேன்.

பாதி சரி. நீர் திரும்பத் தொடங்குமுன் அது மூடிக்கொள்வதால் மோதல் குறையும். முதல் இறக்கத்தை எப்படித் தடுக்கும்?

அவரே: தடுக்க வேண்டாம், குழாய் தாங்கும். வெசலுக்கு ஆள், கம்ப்ரஸர், மின்சாரம். யார் பார்ப்பது?

பராமரிப்பைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் வெற்றிடத்தில் ரப்பர் வளையம் வழியாக மண்ணீர் உள்ளே வரும், அது குடிநீர்க் குழாய். உங்கள் ஒரு குழாயில் வால்வுகள் எந்தெந்த இடத்தில், எந்த மட்டத்தில் உள்ளன என்று அனுப்புங்கள். கணக்குப் போட்டுப் பேசுவோம்.

கடலூர் முதுநகர் வாசகி: வீட்டில் குழாயை மூடினால் டொக்கென்று சத்தம் வருகிறது.

பிளம்பரைக் கூப்பிடுங்கள் அம்மா.