கன்கரன்ட் ஆடிட் கேள்வி-பதில்: பணம் கைமாறாத பண வவுச்சர்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கம்பம், போடி, குமுளி, செங்கோட்டை பக்கத்து வங்கிக் கிளைகளைப் பற்றியவை. கொழிஞ்சாம்பாறையில் இருந்தும் ஒன்று வந்திருக்கிறது. வவுச்சர், பணக் கையிருப்பு, கடன் அனுமதி என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பது நகைக்கடன் கேள்வியில் தெரியும். அதற்கு மட்டும் நிறைய இடம் எடுத்துக்கொள்கிறேன்.

தினசரி வவுச்சர்களை மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்த்தால் போதாதா? எனக்கு வேறு மூன்று கிளைகள் இருக்கின்றன. — போடி

போதாது. நடக்கும்போதே பார்ப்பதற்காக ஏற்பட்ட வேலை இது. மாதக் கடைசியில் பார்த்தால் வவுச்சர் இருக்கும். அதை எழுதியவருக்கு ஞாபகம் இருக்காது, வாடிக்கையாளர் ஊரில் இருக்க மாட்டார், சிசிடிவி பதிவும் அழிந்திருக்கலாம். ஆள் போதவில்லை என்றால் ஒரு கிளையை விட்டுவிடுங்கள். அன்றைய வவுச்சரை அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலையில் பாருங்கள். இந்தப் பகுதியில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் கிளையின் ரொக்க இருப்பு வரம்பு எவ்வளவு என்று சொல்ல முடியுமா? — பெயர் வேண்டாம்

என்னால் எப்படிச் சொல்ல முடியும்? அது மண்டல அலுவலகம் உங்கள் கிளைக்கு அனுப்பிய கடிதத்தில் இருக்கிறது. அந்தக் கடிதத்தைப் பார்க்காமலா இத்தனை மாதம் அறிக்கை கொடுத்தீர்கள்? பொறுப்பேற்ற முதல் நாளே கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். நாளைக்கே வாங்குங்கள். கூடவே இன்சூரன்ஸ் பாலிசியில் எவ்வளவு தொகைக்குக் காப்பு இருக்கிறது என்றும் பாருங்கள். வரம்பு ஒன்றாகவும் காப்பு அதற்குக் குறைவாகவும் இருந்தால் அதையும் எழுத வேண்டும்.

எங்கள் கிளை தமிழ்நாட்டில், உபரிப் பணத்தை அனுப்பும் கரன்சி செஸ்ட் கேரளத்தில். ஓணம் சமயத்தில் வரம்பைத் தாண்டுவதைத் தவிர்க்க முடியவில்லை. அதையும் குறையாக எழுதுவதா? — செங்கோட்டை

எழுதுங்கள், ஆனால் காரணத்தோடு எழுதுங்கள். வங்கி விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். திருவோணத்துக்கு அந்தப் பக்கம் மூடியிருக்கும், இந்தப் பக்கம் கிளை திறந்து பணம் வாங்கிக்கொண்டிருக்கும். பொங்கல் நாட்களில் அப்படியே தலைகீழ். இது வருடம் முழுக்கத் தெரிந்த விஷயம். விடுமுறைக்கு முந்தின நாளே அனுப்பினார்களா, அனுப்பாவிட்டால் தற்காலிகமாக வரம்பை உயர்த்தக் கேட்டுக் கடிதம் போட்டார்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அது கிளையின் குறைதான். இன்னொன்று, வரம்பு தாண்டிய நாட்களில் மட்டும் ஏடிஎம்மில் வழக்கத்தைவிட அதிகமாக நிரப்பியிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். பணம் இடம் மாறியிருக்கும், கிளையை விட்டு வெளியே போயிருக்காது.

வைப்புத்தொகை முதிர்ந்து 22,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார்கள். அசல் 19,000தான். தவறா? — கம்பம்

தவறு. வட்டியையும் சேர்த்து 20,000 அல்லது அதற்கு மேல் ஆனால் ரொக்கமாகத் திருப்பித் தரக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். கணக்கில் வரவு வைத்திருக்க வேண்டும், அல்லது கணக்கில் மட்டும் செலுத்தத்தக்க காசோலை கொடுத்திருக்க வேண்டும்.

நகைக்கடன் புதுப்பித்தலில் பண வவுச்சர்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, கையெழுத்தும் இருக்கிறது. இதில் மேற்கொண்டு என்ன பார்ப்பது? கிளை மேலாளர் "வாடிக்கையாளரே பணம் கொண்டுவந்து கட்டித்தான் மறுபடி வைத்தார்" என்கிறார். — குமுளி

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எல்லையோரக் கிளைகளில் நகைக்கடன்தான் பெரிய வியாபாரம். ஏலத்தோட்டம் வைத்திருப்பவர், ஜீப்பில் தினம் மலையேறும் கூலித் தொழிலாளி, கடைக்காரர் எல்லோருடைய நகையும் பெட்டகத்தில் இருக்கும். தவணை முடியும்போது அசல், வட்டி இரண்டையும் கட்டக் கையில் பணம் இருக்காது. அப்போது கிளையில் செய்வது இதுதான்: பழைய கடனை ரொக்கமாகக் கட்டியதாக ஒரு வரவு வவுச்சர், புதுக் கடனை ரொக்கமாகக் கொடுத்ததாக ஒரு பற்று வவுச்சர். நோட்டு எதுவும் கைமாறியிருக்காது. வட்டியைக்கூட வாடிக்கையாளர் கட்டியிருக்க மாட்டார், புதுக் கடனில் இருந்தே அது எடுக்கப்பட்டிருக்கும். வவுச்சரை மட்டும் தனியாகப் பார்த்தால் குற்றம் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஒரு கிளையில் நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். பழைய கடன் 3 லட்சம், ஒரு வருட வட்டி 27,000. ஆக 3,27,000 ரொக்க வரவு, நேரம் 11:42. அதே வாடிக்கையாளருக்குப் புதுக் கடன் 3,30,000 ரொக்கமாகக் கொடுத்தது 11:38-க்கு. முதலில் இந்த நேரத்தைக் கவனியுங்கள். பழைய கடன் அடைவதற்கு நான்கு நிமிடம் முன்பே புதுக் கடன் போய்விட்டது. அந்த நான்கு நிமிடமும் ஒரே நகைக்கு இரண்டு கடன். பழைய கடன் முடியாமல் நகை வெளியே வந்திருக்க முடியாது. பிறகு எதை எடைபோட்டுப் புதுக் கடன் கொடுத்தார்கள்?

அடுத்து கேஷியரின் கையிருப்பு. காலையில் தலைமைக் காசாளரிடம் அவர் வாங்கியது 2 லட்சம். 11:38 வரை வந்ததையும் போனதையும் வரிசையாகக் கூட்டிக் கழித்தால் கையில் சுமார் 2,60,000தான் இருந்திருக்க முடியும். இடையில் பெட்டகத்தில் இருந்து கூடுதலாக எடுத்த பதிவு எதுவும் இல்லை. 2,60,000 வைத்திருந்தவர் 3,30,000 எண்ணிக் கொடுத்ததாகக் கணக்கு சொல்கிறது. சீட்டின் பின்னால் நோட்டு விவரம்கூட எழுதியிருந்தது: ஐநூறு ரூபாய் நோட்டு 660. வரவுச் சீட்டில் 654. மேலாளரிடம் நான் வேறு எதுவும் கேட்கவில்லை. இந்தக் கூட்டலைக் காகிதத்தில் போட்டு அவர் முன் வைத்தேன். அதற்கு மேல் அவரிடம் விளக்கம் இல்லை.

மூன்றாவதாக நகைப் பெட்டகப் பதிவேடு. பெட்டகத்தை இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்க வேண்டும், நேரத்தையும் எழுத வேண்டும். அன்று காலை 10:05-க்கும் மாலை 4:30-க்கும் மட்டும் திறந்திருக்கிறார்கள். காலையில் எடுத்த பொட்டலங்களின் பட்டியலில் இந்த வாடிக்கையாளரின் பொட்டல எண் இல்லை. அப்படியானால் 11:38-க்குக் கொடுத்த கடனுக்கு நகையை வெளியே எடுக்கவே இல்லை. மதிப்பீட்டாளரின் புதுச் சான்றிதழ் மட்டும் கோப்பில் இருந்தது. பழைய சான்றிதழில் இருந்த எடையே மில்லிகிராம் பிசகாமல் அதிலும் இருந்தது.

இதனால் என்ன கெடுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. வாடிக்கையாளர் கட்டாத 27,000 ரூபாய் வங்கிக்கு வட்டி வருமானமாக வந்ததாகக் கணக்கில் ஏறிவிட்டது. அது வங்கியே கொடுத்த பணம். கட்ட முடியாத கடன் ஒன்று ஒழுங்காக அடைபட்ட கடனாகிப் புதுக் கணக்காக உட்கார்ந்திருக்கிறது. வாராக்கடன் கணக்கு அந்த அளவுக்குப் பொய். தங்கம் விலை ஏறிக்கொண்டிருக்கும் வரை யாருக்கும் தெரியாது, இறங்கினால் எல்லாக் கணக்கும் ஒரே நேரத்தில் வெளியே வரும். பொட்டலத்தைத் திறந்தே பார்க்காததால் உள்ளே போலி நகை இருந்தால் அதுவும் வருடா வருடம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே போகும். 2024 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி நகைக்கடன் முறைகேடுகளைப் பட்டியலிட்டுச் சுற்றறிக்கை அனுப்பியதே, அதிலும் வாடிக்கையாளர் இல்லாமல் மதிப்பிடுவது வருகிறது.

சரி, ஒழுங்கான புதுப்பித்தல் எப்படி இருக்கும்? வாடிக்கையாளர் எழுத்தில் கேட்டிருப்பார். சேர்ந்த வட்டியைத் தன் பணத்தில் கட்டியிருப்பார். நகையை அவர் முன்னால் எடுத்து மறுபடி எடைபோட்டு மதிப்பிட்டிருப்பார்கள். கணினியில் அது புதுக் கடன் என்று இல்லாமல் புதுப்பித்தல் என்றே குறிக்கப்பட்டிருக்கும். அசல் தொகை ரொக்க வவுச்சரில் வராமல் கணக்கு மாற்று வவுச்சரில் வந்திருக்கும். இந்த ஐந்தில் ஒன்று இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.

உங்களுக்கு வழி இதுதான். ஒரே வாடிக்கையாளர் எண்ணில் ஒரே தேதியில் மூடித் திறந்த நகைக்கடன்களின் பட்டியலை மாலையில் எடுங்கள். மாதக் கடைசி நாட்களிலும் மார்ச்சிலும் அது நீளமாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வவுச்சரின் நேரம், கேஷியரின் அந்த நேரக் கையிருப்பு, பெட்டகப் பதிவேடு மூன்றையும் ஒட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு இருந்தால் மாத அறிக்கை போதும். பழக்கமாகவே நடக்கிறது என்று தெரிந்தால் மாதக் கடைசி வரை காத்திருக்காமல் அன்றைக்கே மண்டல அலுவலகத்துக்குத் தனிக் கடிதம் போடுங்கள். மேலாளர் "இனிமேல் செய்யவில்லை, இதை எடுத்துவிடுங்கள்" என்பார். எடுக்காதீர்கள். சரி செய்ததைச் சரி செய்தது என்று எழுதலாம், நடந்ததை நடக்கவில்லை என்று எழுத முடியாது.

மேலாளர் தன் அதிகாரத்துக்கு மேல் கடன் கொடுத்துவிட்டு "மண்டல மேலாளர் போனில் ஓகே சொன்னார்" என்கிறார். — கம்பம்

போனில் சொன்னது அனுமதி ஆகாது. பணம் கொடுத்த தேதியையும், எழுத்து மூலம் உறுதி வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு வந்த ஒப்புதல் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அது வந்துவிட்டதால் குறை மறைந்துவிடாது.

வீடு தேனி மாவட்டத்தில், ஏலத்தோட்டம் இடுக்கி மாவட்டத்தில். தேனி கிளையில் விவசாயக் கடன் கொடுத்திருக்கிறார்கள். எதைப் பார்ப்பது? — போடி

முதலில் ஏக்கருக்கு எவ்வளவு என்ற கணக்கை எந்த மாவட்டத்தில் இருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள். அது நிலம் இருக்கும் மாவட்டத்துக்கு நிர்ணயித்த தொகையாக இருக்க வேண்டும். தேனிக்கு நிர்ணயித்ததை இடுக்கி நிலத்துக்குப் போட்டால் கடன் வரம்பே தப்பு. அப்புறம், இங்கே பட்டா, சிட்டா, அடங்கல் கேட்டுப் பழகியவர்கள் அந்தப் பக்கத்து வரி ரசீதையும் கைவசச் சான்றிதழையும் படிக்காமலே கோப்பில் சொருகிவிடுகிறார்கள். மலையாளம் தெரிந்தவரை வைத்து சர்வே எண்ணும் பரப்பளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதே நிலத்தைக் காட்டி அந்தப் பக்கக் கிளையிலும் கடன் இருக்கிறதா என்பது கடன் தகவல் அறிக்கையில் தெரியும். அந்த அறிக்கையின் தேதி கடன் கொடுத்த தேதிக்குப் பிந்தியதாக இருந்தால், பார்க்காமல் கொடுத்தார்கள் என்று அர்த்தம்.

கேரளத்துச் சொத்து அடமானம். சட்டக் கருத்து தமிழ்நாட்டு வழக்கறிஞர் கொடுத்தது. ஏற்கலாமா? — கொழிஞ்சாம்பாறை

அந்த மாநில நிலச் சட்டங்களில் பழக்கமுள்ள, வங்கியின் பட்டியலில் உள்ள வழக்கறிஞரிடம் இன்னொரு கருத்து வாங்கச் சொல்லி எழுதுங்கள். பட்டய நிலமா, விற்கத் தடை உண்டா என்பதெல்லாம் அங்கே வேலை செய்பவருக்குத்தான் தெரியும். அடமானத்துக்குப் பிறகு எடுத்த வில்லங்கச் சான்றும் செர்சாய் அடமானப் பதிவும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அனுமதிக் கடிதத்தில் இவை நிபந்தனையாக இருந்து, நிறைவேறும் முன்பே பணம் போயிருந்தால் அது தனிக் குறை. இதையும் பணம் போன அன்றைக்கே பார்த்திருந்தால் மீதித் தொகையையாவது நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.

திடீர் ரொக்கச் சோதனையை எந்த நேரத்தில் செய்வது நல்லது? — குமுளி

காலையில் கவுண்டர் திறக்கும் முன்னால், அல்லது மாலையில் கணக்கு முடித்த பிறகு. இரண்டு சாவிக்காரர்களும் கூடவே நிற்க வேண்டும். கிழிந்த நோட்டுக் கட்டையும் பிரித்து எண்ணுங்கள். கட்டுச் சீட்டில் எழுதியிருப்பதை நம்பிக் கூட்டாதீர்கள்.