மூன்று ஸ்கூப் வேண்டாம், ஒன்று போதும்

கேள்வி: எனக்கு 26 வயது, எடை 64 கிலோ. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. சைவம், முட்டையும் கிடையாது. காலையில் நாலு இட்லி, மதியம் அரிசியும் பருப்பும் தயிரும், சாயங்காலம் கடலை, ராத்திரி மூணு சப்பாத்தியும் பச்சைப்பயறு குழம்பும், நடுவில் ரெண்டு பால் டீ. ஜிம் மாஸ்டர் பட்டாணி, அரிசி புரோட்டீன் பவுடர் தினமும் மூணு ஸ்கூப் குடிக்கச் சொல்கிறார். குடித்தால் வயிறு உப்புகிறது. அதில் ஈயம் இருப்பதாகவும் ஒரு வீடியோவில் பார்த்தேன். குடிக்கலாமா?

பதில்: குடிக்கலாம், ஆனால் மூன்று ஸ்கூப் உங்களுக்குத் தேவையில்லை. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

உடற்பயிற்சி செய்யாதவருக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லும் அளவு, எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். எடை தூக்குகிறவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை போகலாம். அதற்கு மேல் போனால் பெரும்பாலானோருக்குத் தசை கூடுதலாக ஏறுவதில்லை. 64 கிலோவுக்கு அது சுமார் 102 கிராம். நீங்கள் எழுதிய சாப்பாட்டைத் தோராயமாகக் கூட்டினால், இட்லி சாம்பாரில் 12, மதியச் சோற்றிலும் தயிரிலும் 21, ஒரு கைப்பிடி கடலையில் 8, ராத்திரி 16, டீயில் 6 என்று 63 கிராம் ஏற்கெனவே வருகிறது. மிச்சம் 40 கிராம்கூட இல்லை. மூன்று ஸ்கூப் என்றால் 70 கிராமுக்கு மேல்! ஒரு ஸ்கூப்பில் சுமார் 24 கிராம் கிடைக்கும். காய்ந்த மீல்மேக்கர் 30 கிராமைக் குழம்பில் போட்டால் இன்னொரு 15. கணக்கு முடிந்தது.

பட்டாணியையும் அரிசியையும் ஏன் கலக்கிறார்கள் என்றால், பட்டாணிப் புரதத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது. நம்மூர் அரிசியும் பருப்பும் சோறு செய்வதும் அதேதான். வித்தியாசம் கலோரியில். 24 கிராம் புரதத்துக்குச் சோறாகச் சாப்பிட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் மேல் போகும். பவுடரில் 120 கலோரி சொச்சத்தில் முடிந்துவிடும். பவுடருக்கு உள்ள நியாயம் அவ்வளவுதான்.

இப்போது ஈயம். வீடியோ பயமுறுத்தியிருக்கலாம், ஆனால் விஷயம் பொய்யில்லை. செடி மண்ணிலிருந்து ஈயத்தையும் காட்மியத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். நெல் தண்ணீரில் நிற்பதால் ஆர்சனிக்கும் எளிதாக ஏறும். ஒரு ஸ்கூப் பவுடருக்கு நூறு கிராமுக்கு மேல் பட்டாணியும் அரிசியும் போகிறது; மாவுச்சத்தையும் நாரையும் எடுத்துவிட்டுப் புரதத்தை அடர்த்தியாக்கும்போது உலோகத்தில் ஒரு பங்கும் அதோடு தங்கிவிடலாம். சாக்லேட் சுவை என்றால் கோகோவிலிருந்தும் கொஞ்சம் சேரும். 2025இல் அமெரிக்க நுகர்வோர் அமைப்பு ஒன்று சோதித்தபோது, தாவரப் பவுடர்களில் ஈயம் சராசரியாகப் பால் பவுடர்களைவிடப் பல மடங்கு இருந்தது. ஒருநாள் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ஈயம் எலும்பில் வருஷக்கணக்கில் தங்கும். அதனால் தினமும் எத்தனை ஸ்கூப் என்பதுதான் முக்கியம்.

கம்பெனியிடம் உங்கள் டப்பாவில் உள்ள அதே பேட்ச் எண்ணுக்கு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கையைக் கேளுங்கள். தராவிட்டால் வேறு பிராண்டுக்கு மாறுங்கள். அறிக்கையில் ஈயம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று இருந்தால், 30 கிராம் ஸ்கூப்பில் 3 மைக்ரோகிராம். மூன்று ஸ்கூப் என்றால் 9. கலிபோர்னியாவில் ஒரு நாளுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே எச்சரிக்கை கேட்பார்கள். அது ரொம்பக் கறாரான அளவு. அமெரிக்க உணவுத்துறை பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு வைத்த அளவு 8.8. இந்த இரண்டையும் வைத்து உங்கள் எண் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 'கண்டறியப்படவில்லை' என்று எழுதியிருந்தால் சந்தோஷப்படும் முன், கருவி எவ்வளவுக்குக் கீழே அளக்காது என்பதையும் பாருங்கள். அந்த எல்லை கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்றால், ஒரு ஸ்கூப்பில் கிட்டத்தட்ட 15 மைக்ரோகிராம் இருந்தாலும் 'கண்டறியப்படவில்லை' என்றுதான் வரும்.

வயிறு உப்புவதற்கு டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். 955 என்றால் சுக்ரலோஸ், 960 என்றால் ஸ்டீவியா, இரண்டும் இனிப்பூட்டிகள். ஒரு ஸ்கூப்பில் வரும் அளவில் இவற்றால் பெரிய ஆபத்து இல்லை. வாயில் தங்கும் தித்திப்புத்தான் தொல்லை. நான் சந்தேகப்படுவது கெட்டியாக்கச் சேர்க்கும் பிசின்களான 412, 415, அப்புறம் இனுலின், எரித்ரிட்டால் போன்றவை. சுவையோ இனிப்போ சேர்க்காத பவுடரை வாங்கி, ஒரு வாரம் மோரில் அரை ஸ்கூப் கலக்கிக் குடித்துப் பாருங்கள். உப்புவது நின்றால் காரணம் அந்தச் சேர்மானங்களாக இருக்கலாம். நிற்காவிட்டால் பட்டாணியே ஒத்துக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொண்டு மீல்மேக்கர், பனீர் பக்கம் போகலாம்.

மூன்று ஸ்கூப் சொன்ன மாஸ்டரே டப்பாவையும் விற்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. விற்கிறார் என்றால் அந்த அறிக்கையை அவரிடமே கேட்டுவிடுங்கள். சிறுநீரகத்தில் ஏதாவது கோளாறு இருந்தால் மட்டும், ஒரு ஸ்கூப்புக்கும் முன்னால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.