"யெஸ்" சொன்னால் ஆர்டர் போய்விடுமா?

கேள்வி: அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டு வந்த அலெக்சா எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் இருக்கிறது, அமேசான் கணக்கு அவருடையது. மகள் விளையாட்டாகப் பேசி ஏதாவது வாங்கிவிடுவாளா?

வாங்க முடியும், ஆனால் ஒரே வாக்கியத்தில் இல்லை. "ஆர்டர் பேட்டரீஸ்" என்றால் அது ஒரு பொருளைத் தேடி, பெயரையும் விலையையும் சொல்லி, வாங்கவா என்று கேட்கும். "யெஸ்" வந்தால்தான் ஆர்டர் போகும். சிக்கலே அங்கேதான்: பிள்ளைகள் எதற்கும் "யெஸ்" சொல்வார்கள்!

அதற்குத்தான் நான்கு இலக்கக் குரல் குறியீடு. வைத்துவிட்டால் "யெஸ்"ஸுக்கு அப்புறம் அந்த எண்ணையும் சொல்ல வேண்டும். ஆனால் வாய்விட்டுச் சொல்லும் எண் ஆயிற்றே. நீங்கள் ஒருமுறை கூடத்தில் சொன்னால் மகள் மனப்பாடம் செய்துவிடுவாள். குரலை அடையாளம் கண்டு அனுமதிக்கும் வழியும் உண்டு, அதை மட்டும் நான் நம்பமாட்டேன்.

உங்கள் நிலைமையில் குரல்வழி வாங்குவதையே அணைத்துவிடுங்கள். அண்ணனின் அலெக்சா செயலியில், அமைப்புகளுக்குள் Voice Purchasing என்று இருக்கும். அணைக்காமல் ஆர்டர் போனால், காசு அண்ணனின் அட்டையில் பிடிக்கும், மின்னஞ்சலும் அவருக்கே, பொட்டலமும் அநேகமாக அமெரிக்க முகவரிக்கே. அனுப்புவதற்கு முன் அவர் பார்த்தால் ரத்து செய்யலாம்.